அஞ்சரைக் கட்டையும் எஃப் டபுள் ஷார்ப்பும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. காரணம் சோம்பல் பாதி, பரீட்சை பாதி. கல்லூரிப் பரீட்சை இல்லை, மேற்கத்திய இசையில் ஐந்தாம் கிரேடு தியரி. ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் அமைப்பு நடத்துவது. அதில் ஒரு விதி உண்டு. ஐந்தாம் கிரேடு தியரி (அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஒப்புக்கொள்ளும் வேறொன்று) பாஸ் செய்யாமல் ஆறாம் கிரேடு வாசிப்புப் பரீட்சைக்குப் போக முடியாது. விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கதவு திறக்காது.

மொத்தம் 75 மதிப்பெண், பாஸ் 50. போன மாதம் வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதிரித் தாள் எழுதிப் பார்த்தேன். 46. பரீட்சைக் கட்டணம் கட்டியாகிவிட்டது. இன்னொரு முறை அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வராது. போன இடம் எது என்று சிவப்புப் பேனாவை எடுத்துப் பார்த்தால், தாளச் சின்னங்களில் இல்லை, இத்தாலியச் சொற்களில் இல்லை. இன்டர்வல், மைனர் ஸ்கேல், கார்டு, இந்த மூன்றில்தான் மொத்தமும் போயிருக்கிறது. அதைவிடக் கடுப்பான விஷயம், எல்லாம் ஒரே தப்பு. ஒரே தப்பை வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு பல தடவை செய்திருக்கிறேன்.

அந்தத் தப்பு என்ன, எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதுதான் இந்தப் பதிவு. எனக்கே எனக்கான ரிவிஷன் நோட்ஸ். என்னைப் போல முதலில் பாட்டு கற்றுக்கொண்டு பிறகு கீபோர்டுக்கு வந்தவர்களுக்குப் பயன்படலாம். கடைசியில் ஐந்து கேள்வியும் விடையும் உண்டு. விடையை முதலில் பார்க்காதீர்கள், ப்ளீஸ் :-)

முதலில் ஒரு ஏற்பாடு. சுரங்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழிலேயே எழுதப் போகிறேன்: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. (ஈ என்றால் எழுத்துதான், பறப்பது இல்லை.)

நம் ஊரில் பாட்டு கற்றவர்களுக்குக் கட்டைக் கணக்கு தெரியும். ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ சி என்ற வெள்ளைக் கட்டைதான் ஒரு கட்டை. அதற்கு அடுத்த கறுப்பு ஒன்றரை. டி இரண்டு, அடுத்த கறுப்பு இரண்டரை, ஈ மூன்று. மூன்றரை கிடையாது, நேராக எஃப் நாலு. பிறகு நாலரை, ஜி ஐந்து, ஐந்தரை, ஏ ஆறு, ஆறரை, பி ஏழு. ஏழரையும் கிடையாது (நல்லவேளை), மேல் சி வந்துவிடும். ஆக, மொத்தம் 12 இடம். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு செமிடோன்.

என் சுருதி அஞ்சரைக் கட்டை. வடலூரில் வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டு தொடங்குவது பெரும்பாலும் சபையில்தான். தைப்பூசத்துக்குக் கூட்டமாக உட்கார்ந்து அருட்பா பாடும்போது பக்கத்தில் இருப்பவர் சுருதிக்கு நம் குரல் தானாக ஏறி இறங்கும். அப்புறம் பாட்டு டீச்சரிடம் சேர்ந்தபோது அவர் சுருதிப் பெட்டியைத் திருகித் திருகி, "உனக்கு அஞ்சரை சரியா இருக்கும் பாப்பா" என்றார். அன்றிலிருந்து என் தலைக்குள் எல்லாமே கட்டைதான். எந்த இடம், எத்தனாவது கட்டை, எவ்வளவு தூரம். கடலூரில் கீபோர்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகும் இதே பழக்கம்தான் கை கொடுத்தது. நாலாம் கிரேடு வரை கூட ஓட்டிவிட்டேன்.

மாதிரித் தாளில் வந்த கேள்வி இது. கீழே சி ஷார்ப், மேலே பி ஃபிளாட். இந்த இன்டர்வலின் பெயர் என்ன? நான் பார்த்ததும் ஒன்றரைக் கட்டை, ஆறரைக் கட்டை என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். நடுவில் 9 செமிடோன். 9 என்றால் மேஜர் ஆறு. விடையைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். தப்பு. விடை டிமினிஷ்டு ஏழு.

இரண்டும் அதே இரண்டு கட்டைகள்தானே, அழுத்தினால் அதே சத்தம்தானே, இதில் என்ன ஆறு, என்ன ஏழு? எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வெள்ளைக்காரன் வேண்டுமென்றே குழப்புகிறான் என்றுதான் நினைத்தேன்.

கோபம் தீர்ந்தது பேருந்தில். சிதம்பரத்திலிருந்து புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக வடலூர் வரும் பேருந்தில் அடிக்கடி ஓர் அக்கா வருவார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படிக்கிறார், வீணை. தாளைக் காட்டிப் புலம்பினேன். அவர் ஸ்டாஃப் நொடேஷன் படித்தவர் இல்லை. கேள்வியை என்னையே விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏண்டி, நாட்டையில வர்ற ரிஷபமும் கரகரப்பிரியால வர்ற காந்தாரமும் ஒரே இடமா இல்லையா?"

"ஒரே இடம்தான் அக்கா. ஸ்வரஸ்தானம் ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் ஒண்ணை ரின்னு பாடுற, ஒண்ணை கன்னு பாடுற?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சேத்தியாத்தோப்பு தாண்டிய பிறகுதான் வந்தது. நாட்டையில் அந்தர காந்தாரம் இருக்கிறது. "க" என்ற எழுத்து அங்கே ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே வருவது "ரி"யாகத்தான் இருக்க முடியும், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும். அதனால் அது ஷட்ஸ்ருதி ரிஷபம். கரகரப்பிரியாவில் "ரி" என்ற எழுத்தைச் சதுஸ்ருதி ரிஷபம் எடுத்துக்கொண்டது. அதற்கு மேலே வருவது "க"தான், எவ்வளவு தாழ்ந்திருந்தாலும். அதனால் அது சாதாரண காந்தாரம். அதாவது, முதலில் எழுத்து, பிறகுதான் இடம்.

ஐந்தாம் கிரேடு தியரியில் நான் விட்ட மதிப்பெண்ணில் முக்கால்வாசி இந்த ஒரு வரியில் இருக்கிறது. நான் கட்டையிலேயே யோசித்தேன். கட்டை இடத்தை மட்டும்தான் சொல்லும். சுரப்பெயர் எழுத்தையும் சொல்லும், இடத்தையும் சொல்லும். மேற்கத்திய இன்டர்வல் பெயரும் அப்படியே இரண்டையும் சேர்த்துச் சொல்கிற பெயர். இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது என்ற எண் எழுத்துக் கணக்கு. மேஜர், மைனர், ஆக்மென்டட், டிமினிஷ்டு என்பது இடக் கணக்கு.

பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி சதுர்தண்டிப் பிரகாசிகையில் 72 மேளங்களைக் கணக்குப் போட்டாரே, அது நடந்ததே 12 இடத்துக்கு 16 பெயர் என்ற இந்த ஏற்பாட்டால்தான். பன்னிரண்டு பெயர் மட்டும் இருந்தால் நாட்டையில் ரிஷபமே இல்லாமல் இரண்டு காந்தாரம் வந்து நிற்கும். வெள்ளைக்காரனைத் திட்டியதை அன்றே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த 16 பெயருக்கும் மேற்கத்தியப் பெயரை எழுதிப் பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது. ரிஷபம் மூன்றும் இரண்டாவது இன்டர்வல்: சுத்த ரிஷபம் (1 செமிடோன்) மைனர், சதுஸ்ருதி (2) மேஜர், ஷட்ஸ்ருதி (3) ஆக்மென்டட். காந்தாரம் மூன்றும் மூன்றாவது: சுத்த காந்தாரம் (2) டிமினிஷ்டு, சாதாரணம் (3) மைனர், அந்தரம் (4) மேஜர். சுத்த மத்யமம் (5) பெர்ஃபெக்ட் நாலு, பிரதி மத்யமம் (6) ஆக்மென்டட் நாலு, பஞ்சமம் (7) பெர்ஃபெக்ட் ஐந்து. தைவதம் மூன்றும் ரிஷபம் மாதிரியே: 8 மைனர் ஆறு, 9 மேஜர் ஆறு, 10 ஆக்மென்டட் ஆறு. நிஷாதம் மூன்றும் காந்தாரம் மாதிரியே: சுத்தம் (9) டிமினிஷ்டு ஏழு, கைசிகி (10) மைனர் ஏழு, காகலி (11) மேஜர் ஏழு.

இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

இப்போது அந்த சி ஷார்ப், பி ஃபிளாட் கேள்விக்கு மறுபடி வருவோம். ஷார்ப், ஃபிளாட் எல்லாவற்றையும் விரலால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் எண்ண வேண்டும். சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. ஏழு. அப்படியென்றால் இது ஏதோ ஒரு நிஷாதம். பேச்சே இல்லை, ஆறு என்ற விடை இனி எந்த வழியிலும் வர முடியாது. அடுத்து விரலை எடுத்துவிட்டு இடத்தை எண்ண வேண்டும். ஒன்றரையிலிருந்து ஆறரை, வித்தியாசம் ஐந்து கட்டை, இரட்டித்தால் 10. நடுவில் இல்லாத மூன்றரையைத் தாண்டி வந்திருக்கிறோம், அதற்கு ஒன்று கழித்தால் 9. ஒன்பதில் இருக்கும் நிஷாதம் சுத்த நிஷாதம். டிமினிஷ்டு ஏழு.

இதே மேல் சுரத்தை ஏ ஷார்ப் என்று எழுதியிருந்தால்? சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ. ஆறு. ஒன்பதில் இருக்கும் தைவதம் சதுஸ்ருதி தைவதம். மேஜர் ஆறு. நான் எழுதிய விடை இந்தக் கேள்விக்குத்தான் சரி, தாளில் இருந்த கேள்விக்கு இல்லை.

கட்டையைக் கழிக்கும் இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மேல் ஸ்தாயிக்குப் போனால் கட்டை எண்ணோடு ஏழு கூட்டிக்கொள்ள வேண்டும், மேல் சி எட்டு, மேல் டி ஒன்பது என்று. வித்தியாசத்தை இரட்டித்த பிறகு, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு தடவை தாண்டினால் ஒன்று, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே தாண்டினால் இன்னொன்று கழிக்க வேண்டும். இதை மறந்தால் விடை ஒரு செமிடோன் கூடுதலாக வரும். கண்டுபிடிப்பது சுலபம்: எழுத்துக் கணக்கில் ஐந்து வந்து, இடக் கணக்கில் 9 வந்தால் எங்கேயோ கழிக்க மறந்திருக்கிறோம். இந்த கிரேடில் ஐந்தாவது இன்டர்வலுக்கு 6, 7, 8 தவிர வேறு எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் வேறு முறை சொல்லித் தருகிறார்கள். கீழ்ச் சுரத்தின் மேஜர் ஸ்கேலை எழுதி, மேல் சுரம் அதில் இருக்கிறதா, ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் கீழ்ச் சுரம் ஜி ஷார்ப் என்று வந்துவிட்டால் ஜி ஷார்ப் மேஜர் என்ற ஸ்கேலை எங்கே போய்த் தேடுவது?

சுர ஒப்புமை ஓர் இடத்தில் கைவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பஞ்சமம் அசையாது. மேற்கத்திய ஐந்து அசையும். பி-யிலிருந்து மேலே எஃப் வரை எழுத்து எண்ணினால் பி, சி, டி, ஈ, எஃப், ஐந்து. இடம் 6. ஒரு செமிடோன் குறைந்த பஞ்சமம், அதாவது டிமினிஷ்டு ஐந்து. இதற்கு நம்மிடம் சுரப்பெயர் இல்லை. என் கை தானாகப் பிரதி மத்யமம் என்று எழுதப் போகும். அது ஆக்மென்டட் நாலு, அதற்கு எழுத்து நாலு வர வேண்டும், எஃப்-லிருந்து மேலே பி மாதிரி. சங்கராபரணத்தை நிஷாதத்திலிருந்து கிரக பேதம் செய்தால் மேளம் வருவதில்லை என்று டீச்சர் சொல்லுவாரே, அதே பி-எஃப் சிக்கல்தான். அந்த ஸ்கேலில் பஞ்சமம் இறங்கிப் போகிறது. ஆக, இடக் கணக்கு 6 என்று வந்தால் அங்கே நின்று எழுத்தை இரண்டாம் முறை எண்ணுவது என்று வைத்திருக்கிறேன்.

ஸ்கேலுக்கு வருவோம். மேஜர் என்பது சங்கராபரணம். மைனரில் மூன்று: நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி, மெலோடிக் மைனர் ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி. இவ்வளவும் பலரும் சொல்வதுதான். (கமகம் எல்லாம் இல்லாத வெறும் படிக்கட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கீரவாணி ராகமும் ஹார்மோனிக் மைனரும் ஒன்றே என்று யாராவது அந்த வீணை அக்காவிடம் சொல்லிப் பார்க்கட்டும்.)

பாடத் தெரிந்தவர்கள் சறுக்குவது எழுதும்போது. என் அஞ்சரைக் கட்டையிலேயே காட்டுகிறேன். அஞ்சரை என்பது ஜி ஷார்ப், இல்லையென்றால் ஏ ஃபிளாட். கீரவாணியை அதில் வைத்தால் விரல் விழும் கட்டைகள் ஐந்தரை, ஆறரை, ஏழு, மேல் ஒன்றரை, மேல் இரண்டரை, மேல் மூன்று, மேல் ஐந்து, மேல் ஐந்தரை. வாசிக்கும்போது ஒரு குழப்பமும் இல்லை. எழுதும்போது நான் ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ என்று சரியாக வந்து, கடைசி காகலி நிஷாதத்துக்கு ஜி என்று எழுதினேன். ஐந்தாம் கட்டை ஜி தானே!

இல்லை. ஜி என்ற எழுத்தை ஷட்ஜம் எடுத்துக்கொண்டுவிட்டது, ஜி ஷார்ப்பாக. ஒரு ஸ்கேலில் ஏழு எழுத்தும் ஒவ்வொரு தடவை வர வேண்டும். எஃப் இன்னும் வரவில்லை. ஆக, நிஷாதத்தின் எழுத்து எஃப். எஃப் நாலாம் கட்டை, எஃப் ஷார்ப் நாலரை, நமக்கு வேண்டியது ஐந்து. அதனால் எஃப் டபுள் ஷார்ப். முதன்முதலில் இதைப் புத்தகத்தில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். நாட்டையில் அந்த உயரத்தில் இருப்பதை "ரி" என்று பாட எனக்குக் கூச்சமே இருந்ததில்லை, ஐந்தாம் கட்டையை எஃப் என்று எழுத மட்டும் என்ன கூச்சம்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே அஞ்சரையில் சங்கராபரணத்தை எழுத வேண்டுமென்றால் ஜி ஷார்ப் என்று தொடங்கவே மாட்டார்கள். தொடங்கினால் ஆறு எழுத்துக்கு ஷார்ப், எஃப்-க்கு டபுள் ஷார்ப், கூட்டினால் எட்டு ஷார்ப். கீ சிக்னேச்சரே கிடையாது. ஏ ஃபிளாட் மேஜர் என்று எழுதினால் நாலு ஃபிளாட்டில் முடிந்துவிடும். கீரவாணிக்கோ நேர்மாறு. ஏ ஃபிளாட் மைனர் என்றால் ஏழு ஃபிளாட், ஜி ஷார்ப் மைனர் என்றால் ஐந்து ஷார்ப். ஐந்தாம் கிரேடுக்கு ஆறு வரைதான் பாடம். ஆக, ஒரே குரல், ஒரே சுருதி, சங்கராபரணம் பாடும்போது ஏ ஃபிளாட், கீரவாணி பாடும்போது ஜி ஷார்ப். பல வருஷமாகப் பாடுகிறேன், என் சுருதிக்கு இரண்டு பெயர் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

ஹார்மோனிக் மைனரில் எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஏறிய நிஷாதம் கீ சிக்னேச்சரில் இருக்காது, அந்த இடத்தில் தனியாகத்தான் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே அடுத்தடுத்த எழுத்தும் 3 செமிடோனும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அதாவது ஓர் ஆக்மென்டட் இரண்டு. ஈ, எஃப் டபுள் ஷார்ப்: எழுத்து இரண்டு, இடம் 3. சரி. நான் முன்பு எழுதிய ஈ, ஜி என்பது எழுத்து மூன்று, மைனர் மூன்று. தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாகக் கார்டு. பாடல்களுக்குக் கார்டு போட்டுப் பழகியவர்களுக்கு இது விரலில் இருக்கும், தாளில் இருக்காது. எனக்கு அப்படித்தான். ஒரு சுரம், அதற்கு மேல் ஓர் எழுத்து விட்டு ஒன்று, இன்னோர் எழுத்து விட்டு ஒன்று: அவ்வளவுதான் டிரையட். சங்கராபரணத்தில் ஒவ்வொரு சுரத்தின் மேலும் இப்படிக் கட்டினால் ஒன்று, நாலு, ஐந்து மேஜர், இரண்டு, மூன்று, ஆறு மைனர், ஏழு டிமினிஷ்டு. கீரவாணியில் ஐந்தாம் கார்டு மேஜராக இருக்கும், காகலி நிஷாதம் அதன் நடுவில் உட்கார்ந்திருப்பதால். நடபைரவியில் அதே கார்டு மைனர். மைனர் கீயில் ஐந்தாம் கார்டைக் கேட்டால் ஏறிய நிஷாதத்தை எழுத மறப்பது என் இன்னொரு வழக்கமான சறுக்கல்.

தாளில் கார்டு இப்படி அடுக்கி வைத்த மாதிரி வராது. இரண்டு ஸ்டாஃபிலும் சிதறி, ஒரே சுரம் இரண்டு தடவை வந்து, தலைகீழாக நிற்கும். கேட்பது இரண்டு விஷயம்: அந்தக் கீயில் இது எத்தனையாவது கார்டு, எந்த இன்வெர்ஷன். நான் செய்வது இது. இருக்கும் சுரங்களைப் பொறுக்கி, இரட்டைப் பிரதிகளை விட்டுவிட்டு, அடியில் இருப்பதை மட்டும் அடியிலேயே வைத்து, மற்ற இரண்டையும் நெருக்கி அடுக்குவேன். உதாரணமாக டி மேஜர் கீ, கீழிருந்து ஜி, பி, ஈ. ஜி-பி மூன்றாவது, பி-ஈ நாலாவது. நாலாவது இன்டர்வல் எங்கே தெரிகிறதோ, அதன் மேல் சுரம்தான் ரூட். இங்கே ஈ. ஈ, ஜி, பி என்று நிமிர்த்தினால் ஈ மைனர். டி மேஜரில் ஈ இரண்டாவது. அடியில் இருப்பது ரூட் இல்லை, மூன்றாவதான ஜி. ஆகவே இரண்டாம் கார்டு, முதல் இன்வெர்ஷன்.

நாலாவது இன்டர்வல் தெரியவே இல்லையென்றால் கார்டு நேராகவே நிற்கிறது, ரூட் பொசிஷன். நாலாவது மேலே இருந்தால் முதல் இன்வெர்ஷன், கீழே இருந்தால் இரண்டாவது. இதிலும் பாருங்கள், எண்ணுவது எழுத்தை. நான் முன்பு கீபோர்டில் கையை வைத்துக் கற்பனை செய்து, "இது ஜி மாதிரி இருக்கே" என்று அடிச்சுரத்தின் பெயரையே கார்டின் பெயராக எழுதிக்கொண்டிருந்தேன். விடைப் பட்டியலில் அந்தத் தப்பு விடை எப்போதும் தயாராக இருக்கும்!

கேடன்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்திலிருந்து ஒன்றில் முடிந்தால் பெர்ஃபெக்ட், நாலிலிருந்து ஒன்றில் முடிந்தால் பிளேகல், ஐந்தில் போய் நின்றால் இம்பெர்ஃபெக்ட். கார்டு சரியாகத் தெரிந்தால் இது தானாக வரும்.

சரி, இனி உங்கள் முறை. பென்சில் எடுங்கள், கீபோர்டைத் தொடாதீர்கள்.

ஒன்று. கீழே ஜி ஷார்ப், அதற்கு மேலே எஃப். இன்டர்வல் என்ன?

இரண்டு. கீழே ஈ ஃபிளாட், மேலே எஃப் ஷார்ப். இன்டர்வல் என்ன, எந்த ஹார்மோனிக் மைனரில் இது வரும்?

மூன்று. இரண்டாம் கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் உள்ள இன்டர்வலுக்கு இரண்டு பெயர் வரலாம். எப்போது எது?

நாலு. ஒன்றரைக் கட்டையில் கீரவாணி. ஷட்ஜத்தை சி ஷார்ப் என்று வைத்து ஏழு சுரத்தையும் எழுதுங்கள்.

ஐந்து. எஃப் மேஜர் கீ. கீழிருந்து டி, ஜி, பி ஃபிளாட், மறுபடி மேல் டி. என்ன கார்டு, எந்த இன்வெர்ஷன்?

விடைகள். முதலாவது, எழுத்து ஏழு. இடம் ஐந்தரையிலிருந்து மேல் எஃப், அதாவது பதினொன்று. வித்தியாசம் ஐந்தரை, இரட்டித்தால் 11, இரண்டு தாண்டலுக்கும் கழித்தால் 9. டிமினிஷ்டு ஏழு. மேஜர் ஆறு என்று எழுதியவர்கள் என் கட்சி.

இரண்டாவது, எழுத்து இரண்டு, இடம் 3, ஆக்மென்டட் இரண்டு. ஷட்ஸ்ருதி ரிஷபத்தின் தூரம். ஜி ஹார்மோனிக் மைனரில் தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே வரும்.

மூன்றாவது, இடம் 6. டி-ஜி ஷார்ப் என்று எழுதியிருந்தால் ஆக்மென்டட் நாலு, டி-ஏ ஃபிளாட் என்று எழுதியிருந்தால் டிமினிஷ்டு ஐந்து.

நாலாவது, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ, பி ஷார்ப். கடைசியில் சி என்று எழுதியிருந்தால் எழுத்தை எண்ணிப் பாருங்கள், இரண்டு சி இருக்கும், பி இருக்காது.

ஐந்தாவது, மேல் டி-யை விட்டுவிடுங்கள். டி-ஜி நாலாவது, ஜி-பி ஃபிளாட் மூன்றாவது. ரூட் ஜி. ஜி மைனர், எஃப் மேஜரில் இரண்டாம் கார்டு, இரண்டாவது இன்வெர்ஷன்.

நேற்று ராத்திரி இன்னொரு மாதிரித் தாள் எழுதினேன். 61. விட்டதில் இரண்டு இன்டர்வல் உண்டு, இரண்டும் 6 செமிடோன் கேள்விகள். பரீட்சை வருகிற சனிக்கிழமை.